நைட் டூட்டி முடிந்த காலையில் சொல்ல வேண்டியது

காலை ஐந்து மணியைத் தன்னம்பிக்கை நூல்கள் கொண்டாடுகின்றன. ராபின் சர்மா 2018-இல் அந்த மணியின் பெயரிலேயே ஒரு புத்தகம் எழுதினார். ஹால் எல்ராட் 2012-இல் எழுதிய புத்தகமும் விடியலில் எழுவதையே வெற்றியின் முதல் படியாக வைக்கிறது. நம் வீடுகளில் இந்த அறிவுரை அதைவிடப் பழையது. சூரிய உதயத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று முன்பு தொடங்கி 48 நிமிடம் நீளும் பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து, குளித்து, நல்ல வார்த்தை சொல்லி நாளைத் தொடங்கு என்று பாட்டி சொல்லாத வீடு குறைவு.

அதே பொழுதில் மருத்துவமனை வார்டில் நைட் டூட்டி பார்க்கும் செவிலியர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்கு வேலைக்கு வந்தவர். காலை எட்டு வரை வேலை. ஐந்து மணிக்கு அவர் ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் காய்ச்சல், பிபி பார்க்கிறார். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தத்தை எடுக்கிறார். இரவு முழுக்க நோயாளிக்குள் போன திரவம் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று கூட்டிப் போடுகிறார். ஆறு மணிக்குப் போட வேண்டிய ஊசிகள் காத்திருக்கின்றன. ஊருக்கு நாள் தொடங்கும் நேரத்தில் அவருக்கு ஒன்பது மணி நேர வேலை முடிந்திருக்கிறது.

அவரும் காலை மந்திரம் சொல்லலாமா என்று கேட்டால், சொல்லலாம், சொல்ல வேண்டும் என்பதுதான் என் பதில். ஆனால் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் வாக்கியத்தை அப்படியே எடுத்துச் சொன்னால் அவருக்குக் கெடுதல் உண்டு. “இன்று என் நாள், என் உடம்பெங்கும் சக்தி, நான் எதையும் சாதிப்பேன்” என்பது உடம்பையும் மனத்தையும் தட்டி எழுப்பும் வாக்கியம். காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து சேரும் ஒருவருக்கு, அடுத்த அரை மணியில் எல்லாம் அடங்க வேண்டும். அவர் சொல்ல வேண்டியது கதவைச் சாத்தும் வாக்கியம். கதவைத் திறக்கும் வாக்கியத்தின் நேரம் அவருக்கு மாலையில் வருகிறது.

எந்த நேரத்தில் எதைச் சொல்வது என்று பார்க்கும் முன், அவருடைய உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடம்பின் கடிகாரம் ஊருக்கே ஓடுகிறது

மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று தாண்டும் இடத்துக்குச் சற்று மேலே, சிறியதொரு நரம்புத் திரள் இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது உடம்பின் சூடு ஏற வேண்டும், எப்போது பசிக்க வேண்டும் என்று அது நேரம் குறித்துக் கொடுக்கிறது. இந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். நம் டூட்டி நேரம் அதற்குத் தெரியாது. பகலில் வெளிச்சம், இரவில் இருட்டு என்ற கணக்கில் அது ஓடுகிறது. இரவில் தூங்கும் பழக்கமுள்ளவரின் உடல் வெப்பம் விடியற்காலை நான்கு, ஐந்து மணி வாக்கில்தான் மிகக் கீழே இறங்குகிறது. கண் சொக்குவதும், கணக்குத் தப்புவதும், மனம் சோர்வதும் அந்த நேரத்தில்தான் அதிகம். வெளிச்சம் வந்ததும் சூடு ஏறத் தொடங்கி, முன்மாலை வரை ஏறிக்கொண்டே போகிறது. அதாவது, செவிலியர் காலை ஒன்பதரைக்குப் படுக்கும்போது அவருடைய உடம்பு எழுந்திருக்கும் திசையில் போய்க்கொண்டிருக்கிறது. இரவு முழுக்க விழித்த களைப்பு அவரை உடனே தூக்கத்தில் தள்ளிவிடும். ஆனால் களைப்பு கொஞ்சம் தீர்ந்ததும், பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்கெல்லாம் உடம்பு அவரை எழுப்பிவிடும். “நல்லாத்தான் தூங்கினேன், ஆனா டக்குனு முழிப்பு வந்துடுச்சு” என்று நைட் பார்ப்பவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். குறை அவருடைய மன உறுதியில் இல்லை.

“போகப் போகப் பழகிடும்” என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. வேலை பழகும், வார்டு பழகும். கடிகாரம் அவ்வளவு எளிதில் பழகாது. வருஷக் கணக்கில் இரவில் மட்டுமே வேலை செய்தவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, சைமன் ஃபோல்கார்ட் 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இருட்டில் சுரக்கும் மெலட்டோனின் என்ற சுரப்பு முழுவதுமாகப் பகலுக்கு மாறியிருந்தவர்கள் 100 பேருக்கு 3 பேர்கூட இல்லை. ஓரளவு நன்றாக மாறியவர்களே நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்கள் அத்தனை வருஷமும் உடம்பின் கணக்கை எதிர்த்து வேலை பார்த்தவர்கள்.

இதைத் தெரிந்துகொள்வதே ஒரு நிம்மதி என்று நினைக்கிறேன். காலையில் சோர்ந்து வருபவர் தன்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அதிகாலையின் சிறப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, அதற்கு முந்தைய ஏழு மணி நேரத் தூக்கத்துக்குச் சேர வேண்டியது. ஒன்பது மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழுபவருக்கு அது தெளிவான வேளை. படுக்கவே இல்லாதவருக்கு அது நாளின் மிகச் சோர்ந்த வேளை.

எந்த வாக்கியம் வேலை செய்யும்?

சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தைத் திருத்தலாம் என்பதை மேற்கில் பரப்பியவர்களில் முக்கியமானவர் எமில் கூவே. பிரான்ஸ் நாட்டு மருந்துக்கடைக்காரர். தினமும் தூங்கும் முன்பும் எழுந்ததும் ஒரே வாக்கியத்தை 20 முறை சொல்லச் சொன்னார். எண்ணிக்கை தவறாமலிருக்க 20 முடிச்சுப் போட்ட கயிறு. ஜபமாலை உருட்டும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒவ்வொரு நாளும் எல்லா வகையிலும் நான் மேம்பட்டுக்கொண்டே வருகிறேன் என்பது அவருடைய வாக்கியத்தின் கருத்து. இன்றைய தன்னம்பிக்கை வாக்கியங்களில் பல அதன் பேரப்பிள்ளைகள்.

இந்த வகை வாக்கியம் எல்லோருக்கும் உதவுவதில்லை. கனடாவில் ஜோவான் வுட் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2009-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தன் மீது மதிப்புக் குறைவாக உள்ளவர்களிடம், ‘நான் அன்புக்குரியவன்’ என்ற பொருளுள்ள வாக்கியத்தை மணி ஒலிக்கும்போதெல்லாம் சொல்லச் சொன்னார்கள். சொல்லாதவர்களைவிடச் சொன்னவர்களின் மனநிலை மோசமாக இருந்தது. ஏற்கெனவே தன்னை மதிப்பவர்களுக்குச் சின்ன நன்மை கிடைத்தது. நம்ப முடியாத ஒன்றை வாய் சொல்லும்போது, “எங்கே, இல்லையே” என்று மனம் எதிர்ச்சான்று தேடத் தொடங்கிவிடுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் வீங்கியிருப்பவர், “என்னிடம் அளவில்லாத சக்தி இருக்கிறது” என்று சொன்னால் அவருடைய காலே அதை மறுத்துவிடும்.

இதற்கு மாற்றாக வேறொரு வகை வாக்கியம் இருக்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது அது. ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற வடிவம் கொண்டது. அவரும் ஒரு சகாவும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் மாணவர்களிடம், பண்டிகைக்கு அடுத்த 48 மணி நேரத்துக்குள் ஒரு சிறு அறிக்கை எழுதி அனுப்பச் சொன்னார்கள். ஒரு பாதிப் பேரிடம் மட்டும், எந்த இடத்தில் எந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவாய் என்று முன்கூட்டியே குறிக்கச் சொன்னார்கள். குறித்தவர்களில் சுமார் நான்கில் மூன்று பங்கினர் எழுதி அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர்தான்.

இந்த வாக்கியத்தில் பெருமை எதுவும் கிடையாது. ஆனால் களைத்த மூளைக்கு இது பொருந்துகிறது. தூக்கமில்லாத நேரத்தில் முடிவெடுக்கும் திறன் குறைகிறது. முடிவைத் தெளிவான வேளையில் எடுத்து ஒரு வாக்கியத்தில் கட்டி வைத்துவிட்டால், களைத்த வேளையில் அதைச் சொல்லிக்கொண்டே செய்துவிடலாம். நைட் டூட்டிக்காரரின் மந்திரம் இந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது என் துணிபு. ஒரு நேரம், ஓர் அடையாளம், ஒரு செயல், அதற்கொரு சொல்.

இனி அந்தச் செவிலியரின் 24 மணி நேரத்தை எடுத்துக்கொண்டு, எங்கே எதைச் சொல்லலாம் என்று பார்க்கலாம். வீடு 40 நிமிட பஸ் தூரம். கணவர் பகலில் வேலைக்குப் போகிறார். பள்ளி போகும் ஒரு பெண் குழந்தை. வீட்டில் அத்தை, அதாவது மாமியார், இருக்கிறார்.

கேட்டைத் தாண்டும்போது

எட்டு மணிக்குப் பகல் டூட்டி ஆள் வந்ததும் அவர் வார்டை ஒப்படைக்கிறார். எந்தக் கட்டில், எந்த நோயாளி, என்ன மருந்து போயிற்று, எது பாக்கி, எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். இந்தச் சடங்கு நோயாளிக்காக ஏற்பட்டது. செவிலியரின் மனத்துக்கும் அதை நீட்டிக்கொள்ளலாம். மருத்துவமனை கேட்டைத் தாண்டும் இடத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு அவர் சொல்ல வேண்டிய வாக்கியம்: “எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டேன். இனி பாத்துக்க ஆள் இருக்கு.” ஏழாம் நம்பர் கட்டில் பெரியவரின் மூச்சு பஸ்ஸில் நினைவுக்கு வரும்போதும் இதையேதான் சொல்ல வேண்டும். இது அவரால் நம்ப முடிந்த வாக்கியம். ஏனென்றால் அது நடந்த செயல், கையெழுத்து இருக்கிறது. ஏதாவது சொல்ல விட்டுப்போனதாக உண்மையிலேயே தோன்றினால், வார்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுப் பிறகு இந்த வாக்கியத்துக்கு வரலாம்.

அதோடு சேர்ந்த செயல் ஒன்று உண்டு: கருப்புக் கண்ணாடி. காலை வெயில் உடம்பின் கடிகாரத்தைப் பகலோடு சேர்த்துக் கட்டும் சக்தி கொண்டது. சிகாகோவில் சார்மேன் ஈஸ்ட்மன் குழுவினர் இரவு வேலைக்காரர்களுக்கு வகுத்த முறையில், வீடு திரும்பும்போது அடர்த்தியான கண்ணாடி அணிவது ஒரு முக்கியப் பகுதி. “கேட்டைத் தாண்டினா கண்ணாடி” என்பதையும் வாக்கியத்தின் வாலாகச் சேர்த்துக்கொள்ளலாம். இது பஸ்ஸில் போகிறவருக்கு மட்டும். ஸ்கூட்டியை எடுப்பவருக்கு அந்த வெளிச்சம் சாலையில் விழித்திருக்க உதவுகிறது.

ஸ்கூட்டியைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் இரவு வேலைக்காரர்கள் 16 பேரைத் தனிப்பாதையில் நிஜ கார் ஓட்ட வைத்து 2016-இல் ஓர் ஆய்வு வெளியானது. இரவு தூங்கிவிட்டு ஓட்டியபோது ஒருவரும் மோதும் நிலைக்குப் போகவில்லை. நைட் டூட்டி முடித்து ஓட்டியபோது 6 பேர் மோதிவிடும் நிலைக்கு வந்து, பிரேக் போட்டு நிறுத்த வேண்டியதாயிற்று. அவர்கள் எல்லோரும் வருகிற வழியில் தங்களை விழிப்பாக வைத்திருக்க முயன்றிருப்பார்கள். மூளை சில நொடிகள் தூங்கிவிடும்போது எந்த மந்திரமும் அதைத் தடுக்காது. கண்ணில் மணல் போட்டாற்போல் இருந்தால், கடைசி ஒரு கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லாவிட்டால், வண்டியை ஓரம் கட்ட வேண்டும். “தலை ஒரு தடவை தொங்கினா வண்டியை நிறுத்திடுவேன்” என்ற வாக்கியத்தை முன்பே மனத்தில் எழுதி வைத்திருப்பவருக்கு அந்த முடிவு எளிது. முடிந்தால் பஸ்தான் நல்லது.

படுக்கையில்

வீட்டுக்கு வந்ததும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுக்காமல், லேசாக ஏதாவது சாப்பிட்டு, முகம் கை கால் கழுவி, ஒன்பதரைக்கு இருட்டு அறை. இங்கே பெரும்பாலானோர் சொல்லிக்கொள்ளும் வாக்கியம், “இப்ப தூங்கியே ஆகணும், இல்லேன்னா ராத்திரி செத்துடுவேன்.” தூக்கத்தைக் கெடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. தூக்கம் கட்டளைக்கு வராது. முயற்சி கூடக் கூட அது விலகும் என்பது தூக்க மருத்துவத்தில் நன்கு தெரிந்த செய்தி. தூக்கமின்மைக்கான சிகிச்சை முறைகளில் ஒன்றே, தூங்க முயலாமல் கண்ணைத் திறந்தபடி சும்மா படுத்திரு என்று சொல்வதுதான்.

அதனால் படுக்கை வாக்கியத்தில் ‘தூக்கம்’ என்ற சொல்லே வேண்டாம். “நாலு மணிக்கு மேல பாத்துக்கலாம்” என்பது போதும். இதற்கு வலு சேர்க்க, படுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒரு தாளில், எழுந்த பிறகு செய்ய வேண்டியவற்றை எழுதி வைக்க வேண்டும். பாப்பாவுக்குக் கணக்கு நோட்டு, கேஸ் புக் பண்ணணும், கரண்ட் பில். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்து நடந்து 2018-இல் வெளியான ஆய்வு இதைச் சோதித்தது. செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட, இனி செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதினவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல். அவர்கள் இரவில் தூங்கிய இளைஞர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் பகலில் தூங்குபவருக்கு வீட்டு வேலை பற்றிய நினைவு இன்னும் பக்கத்தில் இருக்கிறது, குக்கர் விசில் காதில் விழும் தூரத்தில். எழுதி வைப்பதற்கான காரணம் அவருக்குக் கூடுதலாகவே உண்டு.

பன்னிரண்டு மணிக்கு முழிப்பு வரும் என்று முன்பே பார்த்தோம். அதற்கும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கட்டும்: “முழிப்பு வந்தா மணி பாக்க மாட்டேன்.” மணி பார்த்தவுடன் மனம் கழித்தல் கணக்குப் போடத் தொடங்கும், இன்னும் எத்தனை மணி நேரம் என்று. கணக்குப் போடுகிற மனம் தூங்காது. அலாரம் மூன்றரைக்கு வைத்துவிட்டு, போனை எட்டாத இடத்தில் கவிழ்த்து வைப்பது இதனால்தான். இருபது நிமிடம் போல் புரண்டும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால், எழுந்து மங்கலான வெளிச்சத்தில் சற்று உட்கார்ந்துவிட்டுத் திரும்பப் படுக்கலாம்.

உண்மையான காலை

மூன்றரை மணிக்கு அலாரம் அடிக்கிறது. இதுதான் இவருக்கு விடியல். ஆனால் எழுந்த உடனே வீரமாக எதையும் சொல்ல வேண்டாம். எழுந்த முதல் கால் மணி, அரை மணி நேரம் மூளை பாதி உறக்கத்தில்தான் இருக்கிறது. பகல் தூக்கத்திலிருந்து பாதியில் எழுப்பப்பட்டவருக்கு அந்தக் கனம் கூடுதலாகத் தெரியும். ‘என் வாழ்க்கை ஏன் இப்படி’ என்ற கேள்வி வருவதும் பெரும்பாலும் இந்த அரை மணியில்தான். அதற்கு அந்நேரமே பதில் தேடினால் கிடைக்கிற பதில் கசப்பாகத்தான் இருக்கும்.

இங்கே பொருந்துவது செயல்களை வரிசையாகச் சொல்லும் வாக்கியம்: “முதல்ல தண்ணி, அப்புறம் மாடி, அப்புறம் காபி, அதுக்கப்புறம்தான் பேச்சு.” மாடிக்குப் போவது வெளிச்சத்துக்காக. நம் ஊரில் நாலு மணிக்கு நல்ல வெயில் இருக்கிறது. குளிர்நாட்டுக் குளிர்காலத்தில் இரவு வேலை பார்ப்பவருக்கு இந்த வசதி இல்லை. பதினைந்து இருபது நிமிடம் மாடியிலோ வாசலிலோ நின்றால், விழித்தெழு என்று உடம்புக்குச் சொல்ல வேறு வாக்கியம் வேண்டியதில்லை. கடவுள் பெயர் சொல்லும் வழக்கம் உள்ளவர் அதை இந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மாலை விளக்கு ஏற்றும் வீட்டில் அதற்கு ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. கந்த சஷ்டி கவசத்தைக் காலையில் அரைத்தூக்கத்தில் தடுமாறிச் சொல்வதைவிட, ஐந்தரை மணிக்குக் குளித்துவிட்டுத் தெளிவாகச் சொல்வது மேல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நாளைக்கான நோக்கத்தைச் சொல்வதானால் அதற்கும் நேரம் இதுதான், காபிக்குப் பிறகு. அதையும் சிறியதாக, அன்றைய இரவுக்கு மட்டும் உரியதாகச் சொல்வது நல்லது. “இன்னைக்கு ராத்திரி மூணு மணிக்கு மேல டீ குடிக்க மாட்டேன்” என்பது நல்ல நோக்கம். டீயிலும் காபியிலும் இருக்கும் கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. நாலரை மணிக்கு வார்டில் குடித்த டீயில் பாதி, ஒன்பதரைக்குப் படுக்கும்போதும் உடம்பில் இருக்கும். அந்த டீயை நள்ளிரவுக்கு நகர்த்திவிட்டால் காலைத் தூக்கம் அவ்வளவுக்கு ஆழமாகும்.

நாலு மணியின் வாக்கியம்

எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நான் கருதும் வாக்கியம் இரவில், நாலு மணிக்குச் சொல்ல வேண்டியது. தன்னம்பிக்கை நூல் எதுவும் இதைச் சொல்லித் தராது, ஏனென்றால் இது தன்னை நம்பாதே என்கிற வாக்கியம்.

உடல் வெப்பம் அடிமட்டத்தில் இருக்கிறது. கை பழக்கத்தால் வேலை செய்கிறது. ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இரண்டு மருந்துகள், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ஒரே பெயருள்ள இரண்டு நோயாளிகள், புள்ளி ஓரிடம் தள்ளி எழுதப்பட்ட அளவு. இவை பகலிலும் இருப்பவைதான். பகலில் கண் தானாகப் பிடித்துவிடும், நாலு மணிக்குப் பிடிக்காது. தான் தவறாகப் படித்தது சரியாகப் படித்தது போலவே தோன்றும். அதுதான் இதில் உள்ள ஆபத்து. இந்த நேரத்தில் “என்னால் முடியும்” என்று சொல்லிக்கொள்வது நோயாளிக்கு நல்லதில்லை. சொல்ல வேண்டியது: “நாலு மணி ஆச்சு. மனசில இருக்கறதை நம்பாதே. சீட்டைப் பாரு, பேரைக் கேளு, அளவைத் திரும்பப் படி.” மருந்துத் தட்டைக் கையில் எடுப்பது இதற்கு அடையாளம். தட்டை எடுத்தால் வாக்கியம். ஆபத்தான மருந்தென்றால் இன்னொரு செவிலியரையும் பார்க்கச் சொல்வது பல மருத்துவமனைகளில் விதியாகவே இருக்கிறது. நாலு மணிக்கு அந்த விதியைத் தாண்டத் தோன்றும். தாண்டவே கூடாத நேரமும் அதுதான்.

அந்த வாக்கியம் ‘நான்’ என்று தொடங்காமல் முன்னிலையில் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஈதன் கிராஸ் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றமான வேலைக்கு முன் தன்னைத் தன் பெயராலோ ‘நீ’ என்றோ அழைத்துப் பேசிக்கொண்டவர்கள், ‘நான்’ என்று பேசிக்கொண்டவர்களைவிடப் பதற்றம் குறைந்து நன்றாகச் செய்தார்கள். ஒரு மூத்த அக்கா பக்கத்தில் நின்று சொல்வது போன்ற தூரம் அதில் கிடைக்கிறது.

இதே நேரத்தில் மனமும் தாழ்ந்திருக்கும். வேலையை விட்டுவிடலாம், குழந்தைக்கு நல்ல அம்மாவாக இல்லை, யாருக்கும் என் மேல் அக்கறை இல்லை என்று எண்ணங்கள் வரும். அவற்றில் சில உண்மையாகவும் இருக்கலாம். அவற்றை எடைபோட இது நேரமில்லை. “இதை நாளைக்குச் சாயங்காலம் யோசிப்போம்” என்று தாளில் ஒரு வரி குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகலாம். மாலை காபிக்குப் பிறகும் அந்த எண்ணம் அதே கனத்தில் இருந்தால், பல நாள் தொடர்ந்து இருந்தால், அப்போது அதை யாரிடமாவது பேசத்தான் வேண்டும், டாக்டரிடம் உட்பட.

வாக்கியத்தால் ஆகாதவை

மாதத்தில் பாதி இரவும் பாதி பகலுமாக, முன்னறிவிப்பின்றி டூட்டி மாறினால் எந்த மந்திரமும் கடிகாரத்தைச் சமாதானம் செய்யாது. தொடர்ந்து எத்தனை இரவு, நடுவில் எத்தனை நாள் ஓய்வு, வார்டுக்கு எத்தனை ஆள், நடு இரவில் இருபது நிமிடம் கண்ணயர இடமும் அனுமதியும் உண்டா என்பதெல்லாம் மருத்துவமனை நிர்வாகம் தீர்மானிக்க வேண்டியவை. தொழிலாளியின் மனநிலையைத் திருத்துவதால் இவை தீராது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலும் மறுபடி 2019-இலும், இரவு வேலையைப் புற்றுநோய் வரக் காரணமாக இருக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்தது. இதை எடுத்துச் சொல்லித் தங்களுக்கு ஒழுங்கான டூட்டி அட்டவணை கேட்பது செவிலியர்களின் உரிமை. மூன்று மாதத்துக்கு மேலாகப் பகலில் தூக்கமே வராமலும் வேலையில் கண் சொக்கியும் இருந்தால், அது மருத்துவம் பார்க்க வேண்டிய தூக்கக் கோளாறாக இருக்கலாம். வார இறுதி ஓய்வில் முழுசாக ஓய்வெடுத்த பிறகும் பஸ்ஸில் தன் நிறுத்தத்தைத் தாண்டித் தூங்கிவிடுவது, பலத்த குறட்டை, இவை இருந்தாலும் காட்டிவிடுவது நல்லது.

கடைசியாக, வாக்கியங்களில் ஒன்றை அவர் சொல்லவே முடியாது. அவர் தூங்கும்போது வீட்டில் மற்றவர்கள் சொல்ல வேண்டியது அது. பகல் பதினொன்றரைக்குக் கதவைத் தட்டுகிறார் பக்கத்து வீட்டுக்காரர், பத்திரிகை வைக்க உறவுக்காரர் வருகிறார், சிலிண்டர் வருகிறது, கூரியர் வருகிறது. இரவு மணி இரண்டுக்கு யாரும் யார் வீட்டையும் தட்டமாட்டார்கள். இவருக்குப் பகல் பதினொன்றரைதான் இரவு இரண்டு மணி, ஆனால் ஊருக்கு அது தெரியாது. “தூங்குறா” என்று மட்டும் அத்தை சொன்னால், “இந்நேரத்திலயா?” என்ற கேள்வி வருகிறது, அத்தைக்கே சங்கடமாகிவிடுகிறது, எழுப்பிவிடுகிறார். அதனால் மாலைக் காபி நேரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, “அத்தை, யார் வந்தாலும் இப்படிச் சொல்லிடுங்க” என்று அந்த வாக்கியத்தையும் சேர்ந்தே அமைத்துக்கொள்ள வேண்டும்: “ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்திருக்கா. நாலு மணிக்கு எந்திரிப்பா, அப்ப வாங்க.” காரணமும் வரலாம் என்ற நேரமும் அதில் இருப்பதால் வந்தவருக்கு முகம் சுருங்காது. பள்ளி விட்டு மூன்றரைக்கு வரும் குழந்தைக்கும் இதே வரியைச் சொல்லித் தரலாம். நாலு மணி என்று ஒரு நேரம் தெரிந்துவிட்டால், பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகக் காத்திருப்பார்கள்.